140-க்கும் 120-க்கும் நடுவில்

கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாளில் காலை பத்து மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தால், வராந்தா பெஞ்சில் ஏழெட்டுப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தம்ளரும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். தம்ளரில் இருப்பது 300 மில்லி தண்ணீரில் கரைத்த 75 கிராம் குளுக்கோஸ். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் அதைக் குடித்துவிட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது ரத்தச் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று எழுதுகிறோம். சாப்பிட்டாயா, வெறும் வயிறா என்ற கேள்வியே கிடையாது.

சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷையா முன்னின்று உருவாக்கிய முறை இது. மத்திய அரசின் வழிகாட்டுதலும் இதையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. வெளிநாடுகளில் பரவலாக உள்ள முறையில் வெறும் வயிற்றில் ஒரு முறை, ஒரு மணி நேரத்தில் ஒரு முறை, இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை என்று மூன்று தடவை ரத்தம் எடுப்பார்கள். அங்கே 92, 180, 153 என்ற மூன்றில் ஒன்றைத் தொட்டாலே நோய்தான். அது நுட்பமான முறை, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பஸ் மாறி வரும் கர்ப்பிணியிடம் "நாளைக்கு வெறும் வயித்தோட வாம்மா" என்றால் அந்த நாளை பெரும்பாலும் வருவதே இல்லை. ஒரே வருகையில் முடிகிற பரிசோதனைக்கு இங்கே கூடுதல் மதிப்பு உண்டு. அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு: வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் ஏறியிருக்கும் பெண் இதில் தப்பிப் போகலாம். முந்தைய குழந்தை நான்கு கிலோவுக்கு மேல் பிறந்திருந்தாலோ, முன்பு கருவிலேயே குழந்தை இறந்திருந்தாலோ, 136, 138 என்று வந்த எண்ணை நார்மல் என்று மூடிவைக்காமல் வெறும் வயிற்றிலும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

எண் பிசகுவதற்கான காரணங்களில் பாதி, மீட்டரைத் தொடுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். முதலாவது, குளுக்கோஸ் எடை. 75 கிராம் என்பது நீர் சேராத குளுக்கோஸின் கணக்கு. நீர் சேர்ந்த வகை என்றால் 82.5 கிராம் எடுக்க வேண்டும். அந்த வகையில் 75 மட்டும் எடுத்தால் உள்ளே போவது 68 கிராம்தான். பாக்கெட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும், ஆனால் படிப்பவர்கள் குறைவு. தராசு இல்லாத இடத்தில் ஸ்பூனால் அளந்தால் தலைதட்டிய ஸ்பூனுக்கும் குவித்த ஸ்பூனுக்கும் கிட்டத்தட்ட இரு மடங்கு வித்தியாசம் வந்துவிடும். அளந்து அடைத்த 75 கிராம் பாக்கெட் மட்டுமே நம்பத் தகுந்தது.

அடுத்தது கடிகாரம். முதல் மடக்குக் குடித்த நேரத்தை அட்டையில் எழுதிவிட வேண்டும், இரண்டு மணி நேரக் கணக்கு அதிலிருந்துதான் ஓடும். இடையில் டீ, பிஸ்கட், கடைத்தெரு நடை எதுவும் கூடாது. அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் பரிசோதனை செல்லாது, மறுநாள் மறுபடி செய்ய வேண்டும். அரை மணி தாண்டிய பிறகு வாந்தி வந்தால் தொடரலாம். குளுக்கோஸைக் குளிர்ந்த நீரில் கரைத்து, மெதுவாகக் குடிக்கச் சொன்னால் வாந்தி குறையும்.

மூன்றாவது, விரல். குளுக்கோஸ் தண்ணீர் சிந்திய விரலில் குத்தினால் மீட்டர் 190, 210 என்று காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது போதாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, உலர்த்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுக்க வேண்டும். ரத்தசோகையும் மீட்டரை ஏமாற்றும். ஹீமோகுளோபின் 7, 8 என்று இருக்கும் பெண்ணுக்குப் பல மீட்டர்கள் இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும். அப்படிப்பட்டவருக்கு எல்லையை ஒட்டி எண் வந்தால் ஊசியால் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்ப்பதுதான் சரி. அங்கே வேறொரு தொல்லை காத்திருக்கிறது. குழாயில் எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று, மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை குறைத்துவிடும். 148 இருந்த ரத்தம் ஒரு மணி நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தால் 139 என்று வந்து, அந்தப் பெண் நார்மலாக வீட்டுக்குப் போய்விடுவாள்.

முதல் வருகையிலேயே ஒரு தடவை, அதில் நார்மல் என்றால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். இரண்டாவதுதான் அதிகம் விட்டுப்போவது. "போன தடவையே நார்மல்னு சொன்னாங்களே சிஸ்டர்" என்பார்கள். நஞ்சுக்கொடி வளர வளர அதிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்க்கின்றன. அந்த எதிர்ப்பு வலுப்பதே ஐந்தரை, ஆறு மாதத்துக்குப் பிறகுதான். பத்தாவது வார நார்மல் 26-வது வாரத்துக்குச் சாட்சி சொல்லாது.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். இரண்டாவது கர்ப்பம், 25 வாரம், எண் 156. இங்கே முதல் மருந்து சாப்பாடுதான், அதற்கு இரண்டு வார அவகாசம். முதலில் அவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்க வேண்டும். காலையில் ஐந்து இட்லி, சட்னி, சர்க்கரை போட்ட டீ. பதினொரு மணிக்கு மாதுளை ஜூஸ். மதியம் தட்டு நிறையச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல். சாயங்காலம் வெல்லம் போட்ட கேழ்வரகுக் கஞ்சி. ராத்திரி நான்கு தோசை, படுக்கும்போது சர்க்கரை போட்ட குங்குமப்பூப் பால். கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கஞ்சி வந்திருக்கும். நைஸாக அரைத்துக் காய்ச்சிய கஞ்சி எந்தத் தானியமானாலும் வேகமாகத்தான் சர்க்கரையை ஏற்றும், வெல்லம் அதற்கு மேல்.

மாற்றம் பெரிதாக வேண்டாம். காலையில் மூன்று இட்லி, பருப்பு கெட்டியாக உள்ள சாம்பார், ஒரு அவித்த முட்டை. டீயில் சர்க்கரை இல்லை. ஜூஸுக்குப் பதில் ஒரு கொய்யாவோ ஒரு கிண்ணம் சுண்டலோ. மதியம் வெந்த சோறு 150 கிராம், அதாவது அளவான ஒரு கப், அதோடு சோற்றுக்குச் சமமாகக் கீரையும் காயும், மீனோ பருப்போ. இரவு இரண்டு தோசை, கொண்டைக்கடலைக் குழம்பு. படுக்கும்போது சர்க்கரையில்லாத பால். சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிட நடை.

எதிர்ப்பக்கத்துத் தவறு இதைவிட மோசம். "அரிசியையே தொடலை சிஸ்டர்" என்று பெருமையாகச் சொல்பவரின் எண் அழகாக இருக்கும், எடை மட்டும் இரண்டு வாரத்தில் ஒரு கிலோ இறங்கியிருக்கும். மாவுச்சத்து நாளைக்கு 175 கிராமுக்குக் கீழே போகக் கூடாது. போனால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் உண்டாக்கும், அது குழந்தைக்கு நல்லதல்ல. பட்டினி கிடந்து வாங்கிய 110-ஐ உணவுக் கட்டுப்பாட்டின் வெற்றி என்று எழுதக் கூடாது.

இரண்டு வாரம் முடிந்ததும் இலக்கு: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ். 140 நோயைக் கண்டுபிடிக்கும் எண், 120 மருந்தைத் தீர்மானிக்கும் எண். இரண்டையும் குழப்பிக்கொண்டு, சாப்பிட்ட பின் 135 வந்ததை "140-க்குள்ளதானே இருக்கு" என்று விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இந்த எண்ணை வழக்கமான சாப்பாட்டுக்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். டாக்டரைப் பார்க்கும் நாள் என்று இரண்டு இட்லியோடு வந்திருந்தால் அது பொய் எண். வீட்டில் மீட்டர் வைத்திருப்பவர்களின் நோட்டில் 116, 118, 117 என்று ஒரே பேனாவில் ஒரே கையோட்டத்தில் எழுதியிருந்தால், திட்டாமல் மீட்டரின் மெமரியைத் திறந்து பார்த்தால் போதும்.

நம் கணக்கில் வெறும் வயிறு 86, காலை உணவுக்குப் பின் 132, மதியம் 114, இரவு 117. காலை மட்டும் ஏறியிருக்கிறது. விடியற்காலை ஹார்மோன்களால் பலருக்கு இப்படித்தான் இருக்கும். சாப்பாட்டைச் சரியாகக் கடைப்பிடித்தும் 120-ஐத் தாண்டினால் மெட்ஃபார்மினோ இன்சுலினோ தொடங்க வேண்டும். மெட்ஃபார்மின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. மாத்திரையில் தொடங்கியவர்களில் கணிசமானோருக்குப் பிறகு ஊசியும் தேவைப்படுகிறது. இந்தப் பெண்ணுக்கு இன்சுலின் என்று முடிவானால், 120-160 என்ற வரம்புக்கு 30/70 கலவை இன்சுலின் 4 யூனிட், காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு. 160-200 என்றால் 6, அதற்கு மேல் 8. முதல் பரிசோதனையிலேயே 200-ஐத் தொட்டவருக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடு சேர்த்து அன்றே 8 யூனிட். மூன்று நாளுக்கு ஒரு முறை பார்த்து இரண்டிரண்டு யூனிட்டாகக் கூட்டலாம். 4 யூனிட்டில் 125, 6 யூனிட்டில் 113 என்றால் அங்கேயே நிறுத்தலாம். நாளுக்கு 20 யூனிட்டைத் தாண்டினால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

சிரிஞ்சைத்தான் நான் இரண்டு முறை பார்ப்பேன். அரசுக் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். கடையில் ஆரஞ்சு மூடி கிடைத்தது என்று வாங்கி வந்து அதில் 8 என்ற கோடு வரை இழுத்தால் போவது 3.2 யூனிட். சர்க்கரை இறங்கவில்லை என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போவோம், தவறு மூடியின் நிறத்தில் இருக்கும். குப்பியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்ட வேண்டும். ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் பஸ் ஏறுவதுதான் தாழ்சர்க்கரைக்கு முதல் காரணம். வியர்வை, நடுக்கம், 70-க்குக் கீழ் என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார்த்து, பிறகு சாப்பிட வேண்டும்.

33-வது வாரத்தில் வெறும் வயிறு 99 என்று ஏறினால் அது தோசையின் குற்றமல்ல. இரவு முழுக்கக் கல்லீரல் விடும் சர்க்கரையைக் காலை ஊசி தொடாது, இரவு டோஸ் தேவை. குறைப்பிரசவ பயத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் சில நாள் எண்கள் தாறுமாறாக ஏறும், அதையும் கேட்டுவிட வேண்டும். மாறாக, கடைசி வாரங்களில் இன்சுலின் தேவை திடீரென்று விழுந்தால் நிம்மதி வேண்டாம். நஞ்சுக்கொடி சோர்ந்திருக்கலாம். குழந்தையின் அசைவைக் கேட்டுவிட்டு அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பிரசவம் ஆனதும் பெரும்பாலும் இன்சுலின் நின்றுவிடும். ஆறு வாரம் கழித்து மறுபடி 75 கிராம், ஆனால் இந்தத் தடவை வெறும் வயிற்றில். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புதன்கிழமை வரத்தான் செய்வார்கள், பால் கொடுக்கிற பெண்ணாதலால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு. டிஸ்சார்ஜ் ஆகும்போதே தடுப்பூசி அட்டையின் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் "அம்மா சாப்பிடாமல் வரணும்" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தால் வந்த நாளிலேயே முடியும்.