'நோட்டட்' என்று ஒரு பதில்

எங்கள் கம்பெனியில் நான் அக்கவுண்ட்ஸ். அவர் பர்ச்சேஸ். ஒரே கிரேடு, ஒரே கேன்டீன், மேனேஜர் மட்டும் வேறு வேறு.

சப்ளையர் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-இல் பில்லை ஏற்றினால்தான் அது எங்கள் கொள்முதல் பட்டியலான 2பி-யில் தெரியும், நாங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியும். போன மாத 2பி-யில் சில பில்களைக் காணோம். சப்ளையர்களைக் கூப்பிட்டுச் சொல்ல அவரால்தான் முடியும். என் நம்பரைப் பார்த்தால் அவர்கள் போனை எடுப்பதில்லை. பேமென்ட்டை நிறுத்தி வைக்கிற ஆள் நான்தானே.

3ஆம் தேதி மெயில் அனுப்பினேன். 43 பில் கொண்ட எக்செல். "இணைப்பிலுள்ள பில்களைக் கவனிக்கவும். 20ஆம் தேதி 3பி தாக்கல், அதற்குள் முடிக்கவும்." சும்மா ஒரு பாதுகாப்புக்கு இரண்டு மேனேஜர்களையும் சிசி-யில் போட்டேன்.

பதில் உடனே வந்தது: "நோட்டட்."

14ஆம் தேதி 2பி வந்தது. ஒரு பில்கூட வரவில்லை. போய்க் கேட்டேன்.

"நோட் பண்ணியாச்சே சார்," என்று டைரியைத் திறந்து காட்டினார். 18ஆம் தேதிப் பக்கத்தில் அழகான கையெழுத்தில் 'ஜிஎஸ்டி, 43'. "20க்குள்ளன்னுதானே போட்டிருந்தீங்க? அதுவும் எங்க மேனேஜர் சிசி-யில இருக்கார், அவர் ஏதாவது சொல்லட்டும்னு இருந்தேன்."

அவர் மேல் தப்பே இல்லை. 20 என் கெடு. சப்ளையரின் கெடு 11. அதைத் தாண்டி ஏற்றினால் அடுத்த மாத 2பி-யில்தான் வரும். அதை நான் எழுதவே இல்லை.

அடுத்த மாதம் முதலில் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். அவர் சரி என்ற பிறகுதான் மெயில். சிசி கிடையாது, எக்செல்லும் கிடையாது. 43-இல் பெரிய தொகை நான்கு மட்டும். முதல் வரி இப்படி:

"மோட்டார் ரீவைண்டிங் அண்ணாச்சி, பில் 118, வரி மட்டும் 18,000. ஏற்ற மறந்துவிட்டார். 11ஆம் தேதி அவர் ஃபைல் பண்ணுவதற்குள் இதைச் சேர்த்தால் போதும். பில் காப்பி இணைத்திருக்கிறேன், அப்படியே வாட்ஸ்அப்பில் தள்ளிவிடலாம். பிடிகொடுக்கவில்லை என்றால் 9ஆம் தேதி எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவருடைய ஆடிட்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

14ஆம் தேதி பார்த்தேன். நான்கில் மூன்று வந்திருந்தன. நான்காவது ஆள் சிக்கவில்லை என்று 9ஆம் தேதியே சொல்லியிருந்தார்.

அடுத்த நாள் அவரிடமிருந்து மெயில். சிசி இல்லை. "அண்ணாச்சி பேமென்ட். பில் இப்போது 2பி-யில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அவர் ஆட்களுக்குச் சம்பள நாள், அதற்குள் போட்டால் நல்லது. முடியாவிட்டால் புதன்கிழமை சொல்லுங்கள், நான் அவரைச் சமாளிக்கிறேன்."

கை தன்னால் 'நோட்டட்' என்று அடித்துவிட்டது. அழித்துவிட்டு, வியாழக்கிழமை போட்டுவிடுகிறேன் என்று எழுதினேன்.