மயில்கழுத்துப் பட்டும் மாமாவின் மானிட்டரும்

ப்ளஸ் ஒன் சேர்ந்ததும் மாமா தன் ஸ்டுடியோவில் பத்து வருஷம் ஓடின 19 இன்ச் மானிட்டரை என் தலையில் கட்டினார். "ராசியான மானிட்டர்டா, ஆயிரம் கல்யாணம் பார்த்தது." எங்க அக்கா கல்யாண ஆல்பமும் அதில் செய்ததுதான்.

அந்த ஆல்பத்தின் பேரில் வீட்டில் ஒரு தீராத வழக்கு உண்டு. அம்மா கட்டியிருந்தது மயில்கழுத்துப் பட்டு. ஆல்பத்தில் அது கிளிப்பச்சை. மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேருக்கும் மஞ்சள் காமாலை. கேட்டால் "மண்டபத்து லைட்டு அப்படிக்கா" என்பார் மாமா.

மானிட்டரை மாட்டி நோட்பேடைத் திறந்தேன். வெள்ளை வெள்ளையாகத்தான் தெரிந்தது. கண்ணை நம்பக்கூடாது, எதைக் காட்டினாலும் கொஞ்ச நேரத்தில் "இதுதான் வெள்ளை" என்று ஒத்துக்கொள்ளும். ஏ4 தாள் ஒன்றைத் திரையோரம் பிடித்ததும் குட்டு வெளிப்பட்டது. திரை, சொட்டுநீலம் கூடிப்போன வேட்டி!

கீழே இருந்த பட்டனை அமுக்கி மெனுவுக்குள் போனால், Color Temp என்ற இடத்தில் 9300K. இந்த எண் ஏற ஏற நீலம் ஏறும். இணையத்துப் படங்களுக்கெல்லாம் கணக்கு 6500K. எங்கள் டியூப்லைட் பெட்டியிலும் அதே 6500K என்று போட்டிருந்ததால்தான் தாளை வைத்துப் பார்க்க முடிந்தது. மஞ்சள் பல்பாக இருந்தால் தாளே பொய் சொல்லியிருக்கும். அரை மணி நேரம் மானிட்டரைச் சூடாக ஓடவிட்டு ("கரண்ட் பில்லு உங்க மாமாவா கட்டுவான்?"), 6500K-க்கு மாற்றி, அப்புறமும் மிஞ்சிய நீலத்தை User-இல் 50-லிருந்து 46-க்கு இறக்கினேன். தாளும் திரையும் ஒன்றாயின.

பென்டிரைவில் இருந்த கல்யாணப் படத்தைத் திறந்தேன். காமாலை! கெடுத்துவிட்டேன் என்று பயந்து ஆல்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தால், அச்சு அசல் அதே காமாலை. திரும்ப 9300K போட்டேன். எல்லோரும் குணமாகிவிட்டார்கள்.

அப்போதுதான் பொறி தட்டியது. திரை நீலமாக இருக்க, மாமா ஒவ்வொரு முகத்திலும் மஞ்சளை ஏற்றி ஏற்றிச் சரிக்கட்டியிருக்கிறார். அவர் திரையில் சரி, அச்சில் மஞ்சள் நீராட்டு.

மறுபடி 6500K. கைவைக்காத மூலப்படமும் அதே பென்டிரைவில் இருந்தது. திறந்ததும் அம்மா பேச்சில்லாமல் பீரோவுக்குப் போய், நாப்தலின் வாசத்தோடு அந்தப் பட்டை எடுத்துவந்து திரையோரம் பிடித்தாள். நீலமும் பச்சையும் கலந்து மினுங்கும் அதே மயில்கழுத்து. நின்றுகொண்டு பார்த்ததில் நிறம் திரிந்தது. பழைய பேனல், நேருக்கு நேர் பார்த்தால்தான் சரியாகக் காட்டும். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தேன்.

உட்கார்ந்தபடியே போன் போட்டாள். "ஏன்டா, மண்டபத்து லைட்டா?"

ஐந்து நிமிஷம் கழித்து போன் என் கைக்கு வந்தது. மாமா குரலில் சுரத்தே இல்லை. "டேய், புது மானிட்டர்ல Cool-னு போட்டிருக்கு. அது எவ்வளவுடா?"