புதுத்தண்ணீர் என்ன நிறம்?

கும்பகோணத்தில் நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து அனிமேஷன் வேலை செய்கிறோம். போன குறுவைக்கு முன்னால் ஓர் உழவர் குழு பாய் நாற்றங்கால் பற்றி 75 விநாடிப் படம் கேட்டது. மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-க்குள் விவசாயிகளின் கைபேசிக்குப் போய்ச் சேர வேண்டும். வரையத் தொடங்குவதற்கு முன் படத்தின் தோற்றத்தை முடிவு செய்யவே மூன்று வாரம் ஆனது.

முதலில் மூட் போர்டு. நிறம், கோடு, வெளிச்சம் எப்படி இருக்கலாம் என்று காட்ட, கிடைத்த படங்களை ஒரே பலகையில் ஒட்டுவது. நாற்பது படங்களோடு போனோம். குழுவினர் எல்லோரும் தஞ்சாவூர் ஓவியம் ஒன்றைத் தொட்டு, "இது மாதிரி இருக்கட்டும்" என்றார்கள். தங்கத் தகட்டைத்தான் சொல்கிறார்கள் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். அந்தத் தகடு மின்னுவது, பார்ப்பவர் அசையும்போது அதில் படும் ஒளியும் மாறுவதால். திரையில் அது வெறும் மஞ்சளாகிவிடும். இரண்டு நாள் அந்த மினுமினுப்போடு போராடிய பிறகுதான் கேட்டோம். அவர்களுக்குப் பிடித்தது தங்கம் இல்லை. உருண்டை முகமும் அதைச் சுற்றிய தடித்த கோடும்!

அதன்பின் பலகையைப் பதினொரு படமாகக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே எதை எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதினோம். "இதில் கோடு மட்டும்", "இதில் காலை வெளிச்சம் மட்டும்". அந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஒரே படத்தைப் பார்த்து ஆளுக்கொன்றை நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

அந்தப் பலகையில் நீல ஆறு ஒன்றும் இருந்தது. குழுவில் ஒரு பெரியவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, நம்ம ஆத்துல புதுத்தண்ணி நீலமாவா வரும்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாய்க்காலில் முதலில் வருவது செம்மண் கரைத்ததுபோல் கலங்கிய தண்ணீர். இந்த ஊரில் பிறந்த நானே எங்கிருந்தோ எடுத்த நீலத்தை ஒட்டியிருந்தேன்.

அடுத்தது ஸ்டைல் ஃப்ரேம். படத்தில் வரப்போகும் சில காட்சிகளை, முடிந்த படம் எப்படி இருக்குமோ அப்படியே முழுதாக வரைந்து காட்டுவது. நாங்கள் மூன்று வரைந்தோம். அழகாக வரும் காட்சியைத் தேர்ந்தெடுக்கத்தான் மனம் போகும். ஆனால் அழகான விடியற்காலை வயல் எந்தச் சிக்கலையும் காட்டிக்கொடுக்காது. அதனால் ஒன்றை மட்டும் அப்படி வைத்துக்கொண்டு, மற்ற இரண்டுக்கும் கஷ்டமானதை எடுத்தோம்: நாற்றங்காலுக்குத் தண்ணீர் தெளிக்கும் பெண், அப்புறம் மண்ணும் விதையும் வேரும் தெரியும் குறுக்குவெட்டு, எழுத்தோடு.

பெண்ணுக்குச் சிவப்புப் புடவை. கிளிப்பச்சை நாற்றின் நடுவே பளிச்சென்று இருந்தது. ஆனால் படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றியதும் ஆளையே காணோம். சிவப்பும் பச்சையும் வேறு நிறமாக இருந்தாலும் ஒரே அளவு அடர்த்தி. வெயிலில், மங்கிய கைபேசித் திரையில் பார்ப்பவருக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான் தெரியும். நாற்றை இன்னும் வெளுப்பாக்கி, புடவையை அரக்குக்குக் கொண்டுபோனதும் அவள் எழுந்து நின்றாள். பிறகு மூன்று படத்தையும் கைபேசியில் போட்டு நடுமதியத்தில் வரப்பில் வைத்துப் பார்த்தோம். குறுக்குவெட்டில் எழுத்து படிக்க முடியவில்லை, பெரிதாக்கினோம்.

கடைசிச் சிக்கல் அசைவு. நான் தூரிகைத் தடம் தெரிய வரைந்திருந்தேன், ஒரு ஃப்ரேமுக்கு ஒன்றரை நாள். விநாடிக்கு 12 படம் என்றால் 75 விநாடிக்கு 900 படம். அத்தனையும் அப்படி வரைய முடியாது. தவிர, ஒவ்வொரு படத்திலும் தடம் மாறினால் முகம் முழுக்கப் புழு நெளிவதுபோல் இருக்கும். இரண்டு விநாடி மட்டும் சோதனைக்கு ஓட்டிப் பார்த்து, ஆட்களைத் தட்டை நிறத்தில் வைத்தோம். தூரிகைத் தடம் அசையாத பின்னணிக்கு மட்டும். இந்தச் சோதனை இல்லாமல் ஸ்டைல் ஃப்ரேமை ஒப்புக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நின்றால் அழகாக இருப்பது ஓடினாலும் அப்படியே இருக்குமென்று சொல்ல முடியாது.

ஸ்டைல் ஃப்ரேமுக்குத் தனிக் கூலி, திருத்தம் இரண்டு முறை என்று முதலிலேயே எழுதி வாங்கியிருந்தோம். அதற்குள் முடிந்தது.

ஒப்புதல் தாளில் மூன்று படமும் ஒன்பது நிறமும் இருந்தன. தண்ணீருக்கு நாங்கள் கொடுத்த குறியீடு #A8754A. பெரியவர் அதன்மேல் விரலை வைத்து, "ஆமா, இதுதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் முதல் காட்சியை வரைய உட்கார்ந்தோம்.