கழுவு, அலசு, பேக்வாஷ்

சொட்டுநீர்ப் பாசனக் கருவி ஒன்றின் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் வேலை எனக்கு வந்தது. நாற்பது பக்கம்தான். நான் பாதி, நண்பர் பாதி எனப் பிரித்து முடித்தோம். அச்சுக்குப் போகும் முன், பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு விவசாயியிடம் கொடுத்து, அதைப் பார்த்தே செய்து காட்டச் சொன்னோம்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ‘மணல் வடிகட்டியைக் கழுவவும்’ என்ற வரியைப் படித்தவர், ஸ்பேனரை எடுத்து வடிகட்டியின் மூடி போல்ட்டில் வைத்துவிட்டார். உள்ளே பிரஷர் இருக்கிறது, ஓடிப்போய்த் தடுத்தேன்.

“கழுவச் சொல்லியிருக்குதுங்களே சார், மூடியக் கழட்டாம எப்படிங்க கழுவறது?”

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அங்கே செய்ய வேண்டியது பேக்வாஷ்: வால்வைத் திருப்பி, தண்ணீரை எதிர்த்திசையில் ஓட விட்டு, மணலில் சிக்கிய அழுக்கை வெளியேற்றுவது. அதற்கும் நாங்கள் ‘கழுவவும்’ என்றே எழுதியிருந்தோம். செடி வரிசையோரம் ஓடும் லேட்டரல் குழாயின் கடைசி மூடியைத் திறந்து கசடைப் போக விடுவதற்கும் அதே சொல்தான். ஆங்கில மூலத்தைத் திரும்பப் பார்த்தால், அங்கேயும் ஒரு இடத்தில் பேக்வாஷ், இன்னொரு இடத்தில் அதையே ஃப்ளஷ் என்று எழுதியிருந்தார்கள்.

அன்று இரவே சொற்பட்டியல் போட உட்கார்ந்தோம். கையால் வெளியே எடுத்துத் தேய்ப்பதற்கு மட்டும் ‘கழுவு’. குழாய்க்கு ‘அலசு’. மணல் வடிகட்டிக்கு ‘பேக்வாஷ்’; வால்வின் மேலேயும் அதுதான் பொறித்திருக்கிறது, கடைக்காரரும் அப்படித்தான் சொல்கிறார். ஒவ்வொரு வரிசையிலும் ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், ஒரு வரி விளக்கம், அப்புறம் ‘பயன்படுத்தக் கூடாதது’ என்று நாலாவது கட்டம். என்னைக் கேட்டால் அந்த நாலாவது கட்டம்தான் உயிர். அது இல்லாவிட்டால் நண்பர் ‘வால்வு’ என்பார், நான் ‘அடைப்பிதழ்’ என்பேன்.

தேடிச் சரிபார்க்கும்போது இன்னொரு சிக்கல் வந்தது. ‘அழுத்தம்’ என்று தேடினால் ‘அழுத்தத்தை’, ‘அழுத்தத்தில்’ எதுவும் சிக்காது. ‘அழுத்த’ என்று வெட்டித் தேடினால் ‘பொத்தானை அழுத்தவும்’ எல்லாம் வந்து குவியும். அதனால் பொத்தானுக்கு ‘அமுக்கவும்’ என்று மாற்றினோம். அழுத்தம் தண்ணீருக்கு மட்டும் என்றானது. தேடலும் சுத்தமானது, படிப்பவருக்கும் குழப்பம் போனது.

மொழிபெயர்க்கும் எங்களுக்கான வேலைக் குறிப்பு ஒரே பக்கம். படிப்பவர் தோட்டத்தில் நின்று படிக்கிறார். கட்டளை எல்லாம் ‘-வும்’ என முடியும். ஒரு வாக்கியத்தில் ஒரு செயல். ஆங்கிலத்தில் சொல் மாறினால் முதலில் பட்டியலைத் திருத்து, பிறகுதான் ஆங்கிலம், தமிழ் இரண்டு கையேடும். மூலத்தில் இருந்த ஃப்ளஷ் குழப்பத்தையும் எழுதி அனுப்பினோம். திருத்திக் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் அதே தோட்டம். இந்த முறை அவர் கை நேராக வால்வுக்குப் போனது. செம்மண் நிறத்தில் வந்த தண்ணீர் தெளியும்வரை நின்று பார்த்தார். அப்புறம், “லேட்டரல்னா எங்க டியூப்பத்தானுங்களே சொல்றீங்க?” என்றார். அந்த வரிசையின் விளக்கத்தில் ‘டியூப்’ சேர்ந்தது.