புதிய பேட்ச் சேர்க்கை: பெற்றோர் கவனத்துக்கு

எட்டு, ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்குப் புதிய பேட்ச் சேர்க்கை தொடங்கிவிட்டது. முதல் நாள் ஒரு சின்னத் தேர்வு வைப்போம். பயப்பட வேண்டாம், பிள்ளையைச் சேர்க்கலாமா என்று பார்க்க அல்ல, எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான்.

"அல்ஜீப்ராவே வரமாட்டேங்குது" என்று கவலையோடு வருகிறீர்கள். விடைத்தாளைப் பார்த்தால் பல நேரம் விஷயம் வேறாக இருக்கும். -3(x - 4) என்பதை -3x - 12 என்று எழுதிய பிள்ளைக்கு அடைப்பைப் பிரிக்கத் தெரிகிறது. குறியில்தான் சிக்கல், -3x + 12 என்று வர வேண்டும். அப்போது (-3) × (-4) எவ்வளவு என்று தனியாகக் கேட்போம். அதற்கும் -12 என்றால், குறை எண் பெருக்கலிலிருந்து ஆரம்பிப்போம். 12 என்று சரியாகச் சொன்னால், 4-க்கு முன்னால் இருக்கும் கழித்தல் குறியைக் கவனிக்காமல் விட்டிருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பழைய பாடம் எதையும் திரும்ப நடத்தத் தேவையில்லை. ஒவ்வொரு வரியையும் தாண்டாமல் எழுதவைத்துப் பழக்குவோம்.

சேர்க்கைக்கு வரும்போது கடைசிப் பரீட்சையின் விடைத்தாளைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். மதிப்பெண் குறைவு என்று மறைக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். தப்பான வரிகள்தான் எங்களுக்கு அதிகம் உதவும்.