லைவில் வந்த சூப்பர் சாட் பணம் கைக்கு வந்து சேர்ந்த கதை

யூடியூபில் என் சேனலுக்கு 500 சந்தாதாரர்கள் தாண்டியதும், 90 நாளில் மூன்று வீடியோ, ஓராண்டில் 3,000 மணி நேரப் பார்வை என்ற மற்ற நிபந்தனைகளும் நிறைவேறியிருந்ததால், லைவில் பார்வையாளர்கள் பணம் கட்டி அனுப்பும் செய்தியான சூப்பர் சாட்டையும், மாதா மாதம் பணம் கட்டிச் சேரும் மெம்பர்ஷிப்பையும் இயக்க அனுமதி கிடைத்தது. விளம்பர வருமானத்துக்கு இன்னும் அதிகம் வேண்டும், பார்வையாளர் தரும் பணத்துக்கு இதுவே போதும்.

மார்ச் முதல் வாரத்தில் முதல் லைவ். இரண்டு மணி நேரத்தில் வண்ண வண்ணமாகச் செய்திகள் வந்தன. சின்னத் தொகைக்கு நீலம், பெரிய தொகைக்குச் சிவப்பு. தொகை கூடக்கூட செய்தி நீளமாகவும் இருக்கலாம், சாட்டின் மேலே அதிக நேரம் ஒட்டியும் நிற்கும். லைவ் முடிந்ததும் அவற்றைக் கூட்டிப் பார்த்து, ஏறத்தாழ 200 டாலர் வந்துவிட்டது என்று நம்பினேன். அது பார்வையாளர்கள் கொடுத்த பணம்தான், எனக்கு வரப்போகும் பணம் அல்ல.

கணக்கு இப்படிப் போகிறது. ஒருவர் 10 டாலர் அனுப்புகிறார், அதற்குள் அவருடைய நாட்டு விற்பனை வரி 1 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மீதி 9. அதில் 70 சதவீதம், அதாவது 6.30, எனக்கு, மிச்சம் யூடியூபுக்கு. கார்டு கட்டணம் போன்றவை யூடியூபின் பங்கிலிருந்தே போகும், நம் பங்கில் கை வைப்பதில்லை. ஆனால் அதே 10 டாலரை அவர் ஐபோன் ஆப் வழியாக அனுப்பினால், ஆப் ஸ்டோர் கட்டணம், பொதுவாக 30 சதவீதம், முதலில் கழிந்துவிடும். 9 என்பது 6.30 ஆகி, அதில் 70 சதவீதமாக எனக்கு 4.41 மட்டுமே வரும். இதைப் பார்த்த பிறகு, ஐபோன் வைத்திருப்பவர்கள் முடிந்தால் பிரௌசரில் திறந்து அனுப்புங்கள் என்று லைவிலேயே சொல்லத் தொடங்கினேன், அவர்களுக்கு ஒரு பைசா கூடச் செலவில்லை, எனக்குத்தான் வித்தியாசம்.

அப்புறம் காத்திருப்பு. மார்ச்சில் வந்தது ஏப்ரல் 7 முதல் 12-ஆம் தேதிக்குள் இறுதியாகி, கூகுள் பணம் வழங்கும் கணக்கான ஆட்சென்ஸ் இருப்பில் சேரும், இருப்பு 100 டாலரைத் தாண்டியிருந்தால் 21 முதல் 26-க்குள் வங்கிக்கு அனுப்புவார்கள், தாண்டாவிட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். எனக்கு அந்த முதல் மாதமே இருப்பு 100 டாலரைத் தாண்டியது. ஆனால் இருப்பு 10 டாலரைத் தொட்டதுமே முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண் தபாலில் வரும், அதை உள்ளிடாதவரை பணம் நகராது. தபால் வர நாளாகும் என்பதால் முகவரியை ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்து எழுதுங்கள். அமெரிக்க வரிப் படிவத்தையும் உடனே நிரப்பிவிடுங்கள். நிரப்பாவிட்டால் தனிநபர் கணக்கில் உலகம் முழுவதும் வந்த வருமானத்திலிருந்து 24 சதவீதம் பிடித்துவிடக்கூடும். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்களிடமிருந்து வந்த பகுதிக்கு மட்டுமே பிடித்தம் இருக்கும், அதன் விகிதம் நாட்டைப் பொறுத்து மாறும்.

இரண்டாவது மாதம் வேறு ஒன்று கற்றுக்கொண்டேன். லைவில் வந்த ஒரு பெரிய சூப்பர் சாட் சில நாள் கழித்துக் கணக்கில் கழிவாகத் தெரிந்தது. சிறுவன் ஒருவன் அப்பாவின் கார்டைப் பயன்படுத்தியிருக்கிறான், அவர் பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிவிட்டார். என் பங்காக வந்ததும் திரும்பிப் போனது, நியாயம்தான். இதே விஷயம் நேரடி டிப் பக்கத்தில் நடந்தபோது வலித்தது. யூடியூபுக்கு வெளியே ஒரு பணப்பரிமாற்ற சேவையில் டிப் வாங்கினேன், பிளாட்ஃபார்ம் பங்கு இல்லை, கட்டணம் குறைவு. ஒருவர் கொடுத்துவிட்டு வங்கியில் புகார் செய்ததும் முழுத் தொகையும் போய், தகராறுக் கட்டணமும் என் தலையில் விழுந்தது. அதனால் டிப் வந்த உடனே அதைச் செலவழிப்பதில்லை, இரண்டு மாதம் அப்படியே வைத்திருக்கிறேன்.

மெம்பர்ஷிப்பிலும் பங்கு அதே 70 சதவீதம்தான், மாதா மாதம் வருகிறது. ஒரு லைவில் ஒரே ஆள் 20 பேருக்கு மெம்பர்ஷிப் பரிசளித்தார், சாட் அதிர்ந்தது, மெம்பர் எண்ணிக்கை திடீரென ஏறியது. பரிசு மெம்பர்ஷிப் ஒரு மாதத்தோடு முடிந்துவிடும், தானாகப் புதுப்பிக்காது. அடுத்த மாதம் அந்த 20 பேரில் இரண்டு பேர் மட்டும் சொந்தப் பணத்தில் தொடர்ந்தார்கள். இப்போது மாத வரவைக் கணிக்கும்போது பரிசு எண்ணிக்கையைத் தனியாக எடுத்துவிட்டு, தானாகப் புதுப்பிப்பவர்களை மட்டும் எண்ணுகிறேன்.