இரண்டு வசூல் சிஸ்டத்தில் எதை நிறுத்துவது? கேபபிலிட்டி மேப் காட்டிய பதில்

இரண்டு வாகனக் கடன் நிறுவனங்கள் இணைந்தபோது, எந்த சிஸ்டத்தை நிறுத்துவது என்று கேபபிலிட்டி மேப் போட்டுத்தான் முடிவு செய்தோம். வசூல் பகுதியை மட்டும் சொல்கிறேன், சறுக்கப் பார்த்த இடம் அதுதான்.

மேப்பில் நிறுவனம் என்ன செய்கிறது என்பது மட்டுமே வரும். 'தவணை வசூலித்தல்' கேபபிலிட்டி. 'கலெக்‌ஷன் டிபார்ட்மென்ட்' கேபபிலிட்டி ஆகாது. துறைகளைக் காட்டும் ஆர்க் சார்ட்டைப் பார்த்து வரைந்தால் ஆளுக்கொரு மேப் வரும், பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

இரண்டாம் மட்டம் வரை இறங்கி சிஸ்டங்களைப் பொருத்தியபோது, 'வசூல்' கட்டத்தில் இரண்டு பெயர் விழுந்தது. ஒன்று புதியது, பராமரிப்புச் செலவும் குறைவு. இன்னொன்று பழையது. பழையதை நிறுத்தலாம் என்று ஸ்லைடில் சிவப்பும் அடித்தாயிற்று.

ஒரே கட்டத்தில் இரண்டு பெயர் இருந்தால் அங்கே மட்டும் மூன்றாம் மட்டத்துக்கு இறங்க வேண்டும். (மேப் முழுவதையும் இறக்கினால் வேலை முடியவே முடியாது.) வசூல் நான்காகப் பிரிந்தது: வங்கிக் கணக்கிலிருந்து நாச் வழியாகத் தானாகத் தவணை பிடித்தல், நேரில் பணம் வாங்கி ரசீது கொடுத்தல், வாகனத்தைக் கைப்பற்றுதல், செட்டில்மென்ட். எந்த சிஸ்டம் எதைச் செய்கிறது என்று மேனேஜர்களைக் கேட்டால் "ரெண்டும் எல்லாம் செய்யும்" என்பார்கள். அதனால் பன்னிரண்டு மாத ட்ரான்ஸாக்‌ஷன் லாக்கை எடுத்தோம். சிக்னல் இல்லாத ஊரில் போனிலேயே ரசீது போட்டு, பிறகு கணக்கில் ஏற்றும் வசதி பழையதில் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. புதியதில் அந்த வசதியே இல்லை. ஆக, சிஸ்டத்துக்கு ஒரு மார்க் போடாமல் கட்டத்துக்கு ஒரு மார்க் போட்டோம். மூன்று கட்டம் புதியதற்குப் போனது. ரசீது மட்டும், புதியதில் ஆஃப்லைன் வரும்வரை, முடிவுத் தேதியோடு பழையதிலேயே நின்றது.

அடுத்த சிக்கல் நாச். கணக்கிலிருந்து தவணை எடுக்க வாடிக்கையாளர் தந்த ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் யுஎம்ஆர்என் என்ற தனி எண் உண்டு, அது பழைய நிறுவனத்தின் பெயரில் பதிவானது. நிறுவனத்துக்காக நாச்சில் தவணை கேட்கும் ஸ்பான்சர் வங்கி மூலம் அதை மாற்றாமல் சிஸ்டத்தை நிறுத்தினால் தவணை பிடிபடாது. ஒழுங்காகக் கட்டுகிறவர் பாக்கிக்காரராகி, கிரெடிட் பீரோவுக்கும் அப்படியே போய்விடுவார். மேப்பில் இது தெரியாது. நிறுத்தப்போகும் சிஸ்டத்துக்குள் வரும் ஃபைல், வெளியே போகும் ஃபைல் ஒவ்வொன்றையும் தனியாகப் பட்டியல் போட்டால்தான் தெரியும். குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஷெட்யூல்டு ஜாப்களை முதலில் பாருங்கள். யாரும் சொல்லாத ஃபைல்கள் அங்கேதான் இருக்கும்.

நிறுத்திய பிறகும் டேட்டா வேண்டும். கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு வைத்திருக்க வேண்டும். அதற்காக லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டியதில்லை, தேடிப் பார்க்கும் வசதியோடு ஆர்க்கைவில் போட்டால் போதும். சர்வரை அழிக்கும் முன் லாகின்களை மட்டும் மூடிவிட்டு, ஒரு காலாண்டு முடிவு தாண்டும்வரை காத்திருங்கள். அந்த மாதத்தில் மட்டும் ஓடும் ரிப்போர்ட் ஏதாவது இருந்தால், அப்போது போன் வரும்.